பெயரை மாற்றினால் போதுமா? காஞ்சிபுரத்துத் தறிகளும் மறைக்க முடியாத மனிதர்களும்

ஆய்வு நூல்களிலும் அறிக்கைகளிலும் முதல் பக்கத்திலோ அடிக்குறிப்பிலோ ஒரு வரி பார்த்திருப்பீர்கள்: "பேட்டி கொடுத்தவர்களின் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன." நாமும் அதைப் படித்துவிட்டு, சரி, அவர்கள் பத்திரம் என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். யாரிடமிருந்து பத்திரம்? சென்னையிலோ லண்டனிலோ உட்கார்ந்து படிப்பவரிடமிருந்து சரி. ஆனால் அவருக்கு அந்த நெசவாளியின் பெயர் எதற்கு? அவரால் அந்த நெசவாளிக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கெடுதல் செய்யக்கூடியவர்கள் அதே தெருவில் இருப்பவர்கள்தான். அவர்களுக்குப் பெயர் தேவையே இல்லை. இரண்டு விவரம் போதும்.

சின்ன ஊரில் ஆளை மறைப்பது எப்படி என்ற இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டுக் காஞ்சிபுரத்துக்கு வருவோம்.

இதில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. ஆர்தர் விடிச் என்ற ஆய்வாளர், கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஒரு திட்டத்துக்காக, நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் குடும்பத்தோடு குடியிருந்து தகவல் சேகரித்தார். தனி ஆட்களை அடையாளம் காட்டமாட்டோம் என்று ஊராருக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. 1958-ல் அவரும் ஜோசப் பென்ஸ்மனும் சேர்ந்து எழுதிய புத்தகம் வெளிவந்தது. ஊருக்கு 'ஸ்பிரிங்டேல்' என்று புனைபெயர். ஆட்களுக்கும் புனைபெயர். ஆனால் புத்தகத்தின் முக்கியமான வாதமே, இந்த ஊரின் முடிவுகளை ஒரு சிலர்தான் திரைமறைவில் எடுக்கிறார்கள் என்பது. அதைச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சிலர் என்ன தொழில் செய்கிறார்கள், என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். சிற்றூரில் ஒரு பதவிக்கு ஒரே ஆள். அவ்வளவுதான், ஊரே கண்டுபிடித்துவிட்டது.

அந்த வருட ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தில் ஊர்க்காரர்கள் பழி தீர்த்துக்கொண்டார்கள். புத்தகத்தில் வரும் பெயர்களை எழுதி ஒட்டிய வண்டிகளில், சம்பந்தப்பட்டவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள். கடைசியாக வந்தது எரு அள்ளும் வண்டி. அந்த எருவின் மேல் குனிந்து நிற்பதுபோல ஆசிரியரின் உருவபொம்மை! படிக்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த ஊர்வலம் சொன்ன செய்தி தெளிவானது: நீங்கள் கொடுத்த புனைபெயர் எங்களிடம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

இப்போது நம் ஊர். தமிழ்நாட்டில் கிராம ஆய்வு ஆரம்பித்தபோது யாரும் எதையும் மறைக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ஐ ஒட்டித் தன் மாணவர்களைக் கிராமங்களை ஆராயச் சொன்னார். அந்த ஆய்வுகள் 1918-ல் புத்தகமாக வந்தன. இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி என்று ஊர்ப்பெயர்கள் எல்லாம் அப்படியே அச்சில் இருந்தன. இதில் தூசி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர், பாலாற்றுக்கு அந்தப் பக்கம்.

பெயரைச் சொன்னதால் ஒரு பெரிய லாபம் கிடைத்தது. பின்னால் வந்தவர்கள் அதே ஊருக்குத் திரும்பப் போக முடிந்தது. 1930-களில் தாமஸும் ராமகிருஷ்ணனும் போனார்கள். 1980-களில் எஸ்.குஹனும் மெட்ராஸ் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தினரும் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-லும் ஆய்வாளர்கள் போய்வந்தார்கள். சுமார் தொண்ணூறு வருடத்து மாற்றத்தை ஒரே ஊரில் வைத்துப் பார்க்க முடிந்தது என்றால், முதல் ஆள் ஊர்ப்பெயரை மறைக்காததுதான் காரணம்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த மானிடவியலாளர்கள் வேறு மாதிரி செய்தார்கள். கேத்லீன் கஃப் 1950-களின் தொடக்கத்தில் தஞ்சைப் பகுதியில் தங்கி ஆராய்ந்த கிராமத்துக்குக் 'கும்பப்பேட்டை' என்று பெயர் வைத்தார். ஆந்த்ரே பெத்தேய் தன் 1965 புத்தகத்தில் 'ஸ்ரீபுரம்' என்றார். இரண்டுமே புனைபெயர்கள். சாதி, நிலம், குத்தகை, யார் யாருக்கு அடங்கிப் போகிறார்கள் என்று எழுதும்போது இந்த எச்சரிக்கை நியாயமானதுதான். ஆனால் ஸ்ரீபுரம் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் இருக்கிறது என்று புத்தகமே சொல்லிவிடுகிறது. அந்தப் பக்கத்து ஆளுக்கு அது எந்த ஊர் என்று தெரிய எவ்வளவு நேரமாகும்? மறைத்தது வெளியாளிடம் மட்டும்தான்.

இந்த வித்தியாசத்துக்கு 2004-ல் மார்ட்டின் டோலிச் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் பெயர் கொடுத்தார். வெளி ரகசியம் ஒன்று, உள் ரகசியம் ஒன்று என்றார். ஊர் பேர் தெரியாத வாசகன் ஆளைக் கண்டுபிடிக்காமல் இருப்பது வெளி ரகசியம். கூடவே இருப்பவர்கள், அதாவது மனைவி, பங்காளி, முதலாளி, சக ஊழியர் போன்றவர்கள், படித்துப் பார்த்து "இது அவன்தான்" என்று சொல்லாமல் இருப்பது உள் ரகசியம். பெயர் மாற்றுவது முதலாவதைக் காப்பாற்றும். இரண்டாவதை அதனால் காப்பாற்ற முடியாது.

காஞ்சிபுரத்தில் இந்த இரண்டாவது ரகசியம்தான் உயிர்ப் பிரச்சினை. முதலில், ஊருக்கே புனைபெயர் வைக்க முடியாது. கோயில்கள் நிறைந்த, பட்டு நெய்கிற, பாலாற்றங்கரை ஊர் என்று எழுதினால் யாரை ஏமாற்றுவது? அதனால்தான் யுவான் ஆர்ட்டர்பர்ன் 1982-ல் இங்குள்ள பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி எழுதியபோது, புத்தகத்தின் தலைப்பிலேயே காஞ்சிபுரம் இருந்தது. ஊர் வெளிச்சத்தில் இருக்கும். மறைக்க வேண்டியது மனிதர்களை மட்டும்.

2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் உண்டு. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் உட்கார வைக்கப்பட்ட குழந்தைகள் அதில் பேசினார்கள். அவர்கள் பெயர்கள் மாற்றப்பட்டிருந்தன. அந்தக் குழந்தைகள் யாருக்குப் பயப்பட வேண்டும்? அறிக்கையை நியூயார்க்கில் படிப்பவருக்கா? இல்லை. முன்பணம் கொடுத்த தறிக்காரருக்கு. அவரிடம் வேலை செய்யும் குழந்தைகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருப்பார்கள். வயது, ஆணா பெண்ணா, எவ்வளவு முன்பணம், எத்தனை வருடமாக வேலை என்று நாலு விவரம் சேர்ந்து அச்சில் வந்தால், தன் வீட்டுக் குழந்தைதான் பேசியது என்று அவருக்கு விளங்கிவிடும். லட்சத்தைத் தாண்டிய மக்கள்தொகை உள்ள ஊர்தானே என்பது இங்கே பாதுகாப்பு ஆகாது. தேடுகிறவருக்கு ஊர் முழுவதும் தேட வேண்டிய அவசியமில்லை. தன் தறியைச் சுற்றித் தேடினால் போதும்.

நெசவுத் தெருவில் வேலையே பாதி வெளியில்தான் நடக்கிறது. பாவு இருக்கிறதே, அதை விடியற்காலையில் தெருவிலேயே நீளமாக இழுத்துக் கட்டிச் சரிசெய்வார்கள். யார் வீட்டுப் பாவு என்ன நிறம் என்று தெருவே பார்த்துவிடும். ஒரு பாவில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட புடவைகள் வரும் என்பதால், அந்த நிறம் வாரக்கணக்கில் அந்த வீட்டோடு ஒட்டிக்கொள்ளும். எத்தனை தறி ஓடுகிறது என்பது சத்தத்திலேயே தெரியும். கோர்வை போடும் புடவை என்றால், உடலுக்கும் இரண்டு பக்கக் கரைக்கும் தனித்தனி நாடா, கூட உட்கார்ந்து கரை நாடாவைப் போட ஒரு உதவியாள். அந்த உதவியாள் யார், எங்கிருந்து வருகிறார் என்பதும் தெருவுக்குத் தெரியும். ஆகவே "மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை போட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்" என்று ஒரு ஆய்வாளர் அழகுக்காக எழுதும் வரி, தெருக்காரர்களுக்குக் கதவு எண் எழுதியது மாதிரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். (காமர்ஸ் படிக்கிறவன் கணக்கு இல்லாமல் எப்படி முடிப்பது? :-)) கீழே வருபவர் யாரும் உண்மை மனிதர் இல்லை, எண்களும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு மாணவர் ப்ராஜெக்ட்டுக்காகப் பேட்டி எடுக்கிறார். 'பங்கேற்பாளர் 7' என்று எழுதுகிறார். பெண், தானே தறி நடத்துபவர், இரண்டு தறி, மகன் ஒரகடத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார், போன வருடம் கூட்டுறவுச் சங்கத்தை விட்டுத் தனியார் முதலாளியிடம் மாறினார், "குறை இருக்கிறது என்று சொல்லிக் கூலியில் பிடிக்கிறார்கள்" என்று முதலாளி மேல் புகார் சொல்கிறார். பெயர் இல்லை, தெரு இல்லை. ஆனால் பேட்டிகள் எல்லாம் எந்தப் பகுதியில் எடுத்தவை என்று முன்னுரையில் இருக்கிறது.

அந்தப் பகுதியில் 400 நெசவு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். அதில் பெண்ணே பொறுப்பாகத் தறி நடத்தும் வீடு 36. அதில் இரண்டு தறி உள்ளவை 11. மகன் ஒரகடம் போன வீடு 3. போன வருடம் சங்கத்தை விட்டவர் 1. நாலே படியில் 400 ஒன்றாகிவிட்டது. ஒவ்வொரு விவரமும் தனியாக ஒன்றும் செய்யாது. சேர்ந்தால்தான் ஆபத்து. ஆகவே பேட்டியைப் படித்துவிட்டு "இந்த வரியில் ஆள் தெரிகிறதா?" என்று வரி வரியாகப் பார்ப்பது வீண். ஒரே ஆளைப் பற்றி புத்தகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் எல்லா வரிகளையும் ஒரு தாளில் சேர்த்து எழுதிப் பார்க்க வேண்டும். முதலாளி அப்படித்தான் படிப்பார். 'பங்கேற்பாளர் 7' என்ற எண்ணே அவருக்கு நூல் மாதிரி உதவுகிறது. 12-ஆம் பக்கத்து மகனையும் 40-ஆம் பக்கத்துப் புகாரையும் அந்த எண்தான் கட்டிக் கொடுக்கிறது.

என்ன செய்யலாம்? முதலில் ஒவ்வொரு விவரமும் வாதத்துக்குத் தேவையா என்று கேட்கலாம். இரண்டு தறி என்பது தேவையில்லை என்றால் எடுத்துவிடலாம். 'போன வருடம்' என்பதைச் 'சில வருடங்களுக்கு முன்' என்று விரிக்கலாம். அடுத்து எண்ணை ஒழிக்கலாம். மகன் தொழிற்சாலைக்குப் போனதை ஒரு அத்தியாயத்தில் "ஒரு தாய்" என்றும், கூலிப் பிடித்தத்தை வேறு அத்தியாயத்தில் "ஒரு நெசவாளர்" என்றும் எழுதலாம். இப்போது புகார் சொன்னவர் 400 வீடுகளில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த அம்மாவின் கதையில் விஷயமே தொடர்ச்சிதான். மகன் போனதால் வீட்டில் கரை நாடா போட ஆள் இல்லை. வெளியாளுக்குக் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்காக முன்பணம் தேவைப்பட்டது. முன்பணம் கொடுத்த முதலாளியிடம் மாற வேண்டியதாயிற்று. முன்பணம் அடையாததால், கூலியில் பிடித்தாலும் விட்டுப் போக முடியவில்லை. இந்தச் சங்கிலிதான் ஆய்வின் கண்டுபிடிப்பு. ஆளைக் காப்பாற்றச் சங்கிலியை வெட்டினால், மிச்சம் இருப்பது "இளைஞர்கள் தறிக்கு வருவதில்லை", "கூலி பிரச்சினை உள்ளது" என்ற, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த இரண்டு வாக்கியங்கள்.

இதே சங்கிலியை ஐந்தாறு வீடுகளில் பார்த்திருந்தால் தப்பிக்கலாம். யாரையும் தனியாக எடுக்காமல், "இந்த வரிசை பல வீடுகளில் இருந்தது" என்று பொதுவில் எழுதிவிடலாம். ஒரே வீட்டில்தான் பார்த்தோம் என்றால் குறுக்கு வழி கிடையாது. அவரிடமே போய்க் கேட்க வேண்டும்.

சிலர் இன்னொரு வழி சொல்வார்கள்: விவரத்தை மாற்றி எழுது. மகனை மகளாக்கு, இரண்டு பேரை ஒன்றாக்கு. அயர்லாந்து கிராமம் ஒன்றைப் பற்றி நான்சி ஷெப்பர்-ஹ்யூஸ் 1979-ல் எழுதிய புத்தகத்தில் இப்படிக் கலந்து செய்த மனிதர்கள் உண்டு. ஊருக்கும் புனைபெயர் உண்டு. ஆனாலும் கிராமத்தார் யார் எந்தப் பாத்திரம் என்று பிரித்துப் பார்த்துவிட்டார்கள். இருபது வருடம் கழித்து 1999-ல் அவர் திரும்பிப் போனபோது ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். புனைபெயர் இருக்கிறது என்ற தைரியத்தில் எழுதுகிறவர்கள் மரியாதையை மறந்துவிடுகிறோம் என்று பிறகு அவரே எழுதினார்.

காஞ்சிபுரத்தில் இந்த வழியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மகனை மகளாக்கினால், மகள் உள்ள வேறொரு வீட்டின் மேல் அடையாளம் போய் விழலாம். பேசாத ஒருவர், பேசியதாகச் சந்தேகப்பட்டு அடுத்த பாவு கிடைக்காமல் உட்கார வேண்டிவரும். ஆய்வாளருக்கு இது தெரியக்கூட வராது. தறியை யார் அடுத்து எடுத்து நடத்துவார்கள் என்பதே கேள்வியாக உள்ள ஆய்வில் மகனை மகளாக்குவது கணக்கேட்டில் வரவைச் செலவாக எழுதுவதற்குச் சமம் என்பது தனி விஷயம்.

கசிவு பேட்டிப் பகுதியில்தான் நடக்கும் என்றும் இல்லை. ப்ராஜெக்ட் முன்பக்கத்து நன்றியுரையைப் பாருங்கள். "பொறுமையாகப் பதில் சொன்ன" என்று ஆரம்பித்து உண்மைப் பெயர்கள் வரிசையாக இருக்கும். இருபது பேட்டிக்கு இருபது பெயர்! உள்ளே இருப்பது யார் யார் என்று ஆசிரியரே பட்டியல் போட்டுக் கொடுத்தாயிற்று. புகைப்படமும் அப்படித்தான். முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் எடுத்தாலும், தறியில் இருக்கும் நிறமும் கரையும் பேசிவிடும். பதவி இன்னும் மோசம். 'ஒரு சங்கத் தலைவர்' என்றால், ஒரு சங்கத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு தலைவர்தான். ஸ்பிரிங்டேலில் நடந்தது இதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லோரும் மறைந்திருக்க விரும்புவதில்லை. நுணுக்கமான வேலை தெரிந்த நெசவாளர் தன் பெயர் அச்சில் வரவேண்டும் என்று நினைப்பது நியாயம். புடவையில் கடைப்பெயர் இருக்கும், நெய்தவர் பெயர் இருக்காது. புத்தகத்திலும் இல்லை என்றால் எப்படி? ஆகவே ஒரே மனிதருக்கு இரண்டு தேவை. வேலையைப் பற்றிச் சொன்னதற்குப் பெயர் வேண்டும், முதலாளியைப் பற்றிச் சொன்னதற்குப் பெயர் வேண்டாம். இரண்டையும் செய்யலாம். ஆனால் இரண்டும் ஒரே குரலாகத் தெரியக்கூடாது. பெயரோடு வரும் பக்கத்தில் அவர் அடிக்கடி சொல்லும் வழக்குச்சொல் ஒன்று இருந்து, பெயரில்லாத பக்கத்திலும் அதே சொல் வந்தால், ஊர்க்காரர்களுக்கு அதுவே போதும்.

இவ்வளவும் செய்தபிறகும் உள் ரகசியத்தை முழுதாகக் காப்பாற்ற முடியும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. அதனால் மாற வேண்டிய முதல் விஷயம், பேட்டிக்கு முன் நாம் சொல்லும் வாக்கியம். "உங்கள் பெயர் வராது, கவலைப்படாதீர்கள்" என்பது பாதி உண்மை. "உங்கள் பெயர் வராதும்மா. ஆனா இந்தத் தெருக்காரங்க படிச்சா நீங்கதான்னு கண்டுபிடிக்கலாம். எதை யாரு படிச்சா உங்களுக்குக் கஷ்டம்னு சொல்லுங்க, அதை எழுதமாட்டேன்" என்பது முழு உண்மை. எழுதி முடித்ததும் அவரைப் பற்றிய பகுதிகள் எல்லாவற்றையும் சேர்த்து அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். எந்த வரியில் தெரு தன்னைக் கண்டுபிடிக்கும் என்று அவருக்குத் தெரியும் அளவுக்கு நமக்குத் தெரியாது. தெருக்காரர் வேறு யாரிடமாவது காட்டிச் சோதிப்பதும் கூடாது, அந்தச் சோதனையே காட்டிக்கொடுத்துவிடும்.

வெட்டிய விவரங்களைத் தூக்கிப் போடவும் வேண்டியதில்லை. ஸ்லேட்டர் ஊர்ப்பெயரை விட்டுவைத்ததால்தான் பின்னால் வந்தவர்களுக்குச் சரித்திரம் கிடைத்தது. காலம் போகப் போகச் சில ஆபத்துகள் குறையும். அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் தாள்களை 72 வருடம் பூட்டி வைத்துவிட்டுத் திறக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022-ல்தான் வெளிவந்தன. அதேபோல முழுச் சங்கிலியையும், பேசியவர் சம்மதித்தால், இத்தனை வருடம் திறக்கக்கூடாது என்று எழுதி ஒரு நூலகத்தில் ஒப்படைக்கலாம். அன்றைக்கு அந்த முன்பணமும் இருக்காது, முதலாளியும் இருக்கமாட்டார். அதுவரை ஊர்ப்பெயர் அச்சில் இருக்கட்டும், அந்த அம்மாவின் பாவு நிறம் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கட்டும்.